ஒருமுறை உடைந்ததை மறுமுறை அளக்க முடியாது: கான்கிரீட் கனசதுரங்களும் நம் ஆய்வேடுகளின் ‘மீள்திறன்’ என்னும் சொல்லும்

கட்டுமானப் பொறியியல் ஆய்வேடுகளில் அண்மைக்காலமாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. அமுக்கவலிமைச் சோதனை முடிவுகளுடன் அளவீட்டு அமைப்புப் பகுப்பாய்வு என்றொரு அட்டவணையும் இணைக்கப்படுகிறது. ஒரே கலவையில் வார்த்த மூன்று கனசதுரங்களின் முடிவுகளை ஒரே பொருளை மூன்று முறை அளந்ததாகக் கொண்டு மென்பொருளில் இடுகிறார்கள். மென்பொருள் தரும் எண்ணுக்கு ‘மீள்திறன்’ என்று பெயர் சூட்டப்படுகிறது. வழக்கம் நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான். ஆனால் அந்தப் பெயர் பொருந்தாது. அதைவிட, அந்தப் பெயரின் நிழலில் வேறொரு பெரிய பிழை கண்டுகொள்ளப்படாமல் போகிறது.

மீள்திறன் என்பது ஒரே பொருளை, ஒரே ஆள், ஒரே கருவியால், குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளக்கும்போது விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. ஒரு தண்டின் விட்டத்தை நுண்ணளவியால் பத்து முறை அளக்கலாம், தண்டு மாறுவதில்லை. 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை ஒருமுறைதான் உடைக்க முடியும். இரண்டாம் அளவீட்டுக்கு இன்னொரு கனசதுரம் வேண்டும். அது இன்னொரு பொருள். ஆகவே ஒரு கலவையின் மூன்று கனசதுரங்களுக்கிடையே காணப்படும் சிதறலில் இரண்டு பங்குகள் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. சோதிக்கும் முறையின் சிதறல் ஒன்று; கனசதுரங்கள் உண்மையிலேயே வெவ்வேறு வலிமை கொண்டிருப்பதால் வரும் சிதறல் மற்றொன்று. எவ்வளவு கூர்மையான கணிதமும் இந்த இரண்டையும் அந்தத் தரவிலிருந்து மட்டும் பிரித்துக் காட்டாது. தரவில் இல்லாத செய்தியைக் கணக்கு உண்டாக்குவதில்லை.

இதைக் கேட்டவுடன் பலரும் சொல்லும் தீர்வு ஒன்றுண்டு: “அழிக்கும் சோதனை என்றால் உள்ளடங்கு அமைப்பைப் பயன்படுத்த வேண்டும்.” புள்ளியியல் மென்பொருள்களும் இதற்கெனத் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சோதனையாளருக்கும் தனித்தனிக் கலவைத் தொகுதிகளைக் கொடுத்து, ஒரு தொகுதிக்குள் உள்ள மாதிரிகள் ஒரே தன்மையன என்று கொள்வதே உள்ளடங்கு அமைப்பு. ஒரு தொகுதியிலிருந்து ஓரிரு மாதிரிகள்தாம் கிடைக்கும் என்ற நிலையில் வேறு வழியில்லை. கான்கிரீட்டின் நிலை அதுவன்று. ஒரு கனசதுரத்தின் கன அளவு 3.375 லிட்டர். ஆறு கனசதுரங்களுக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல். சிந்துவதையும் ஒட்டுவதையும் சேர்த்தாலும் 25 லிட்டர் போதும். ஆய்வகக் கலவை இயந்திரம் ஒரே சுற்றில் இதைத் தரும். அப்படியானால் ஒவ்வொரு தொகுதியையும் சோதனையாளர்கள் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். இதுவே குறுக்கமைப்பு. இரண்டில் எதைத் தேர்வது என்பது சோதனை அழிப்பதா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று. தொகுதியைப் பங்கிட முடியுமா என்பதைப் பொறுத்தது.

இந்தத் தேர்வு எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் ஆய்வகங்களில் காணக்கூடிய அளவிலேயே அமைந்தவை.

ஓர் ஆய்வகத்தில் ஒரே கலவை விகிதத்தில் 5 தொகுதிகள் தயாரிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 6 கனசதுரங்கள். 28 நாள் நீரில் முதிர்ந்தபின் ஒவ்வொரு தொகுதியிலும் மூன்றை அ என்பவரும் மூன்றை ஆ என்பவரும் உடைக்கிறார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். மொத்தம் 30 கனசதுரங்கள். சராசரி 38 மெகாபாஸ்கல். ஒரே தொகுதியில் ஒரே ஆள் உடைத்த மூன்றுக்கிடையே உள்ள திட்டவிலக்கம், எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தால், 1.5 மெகாபாஸ்கல். தொகுதிச் சராசரிகள் 35.2, 36.9, 38.4, 39.1, 40.4. இவற்றிலிருந்து தொகுதிக்குத் தொகுதி உள்ள திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.9 என்று வருகிறது. அ என்பவரின் சராசரி ஆ என்பவரின் சராசரியைவிட ஐந்து தொகுதிகளில் முறையே 0.3, 2.9, 0.8, 2.4, 1.1 கூடுதல், மொத்தத்தில் 1.5 கூடுதல்.

இந்த 1.5 தற்செயலா? குறுக்கமைப்பில் ஒப்பீடு ஒவ்வொரு தொகுதிக்குள்ளேயே நடப்பதால் தொகுதி வேறுபாடு கழிந்துவிடுகிறது. வேறுபாட்டின் திட்டப்பிழை 0.55 மட்டுமே. வேறுபாடு அதைப்போல 2.7 மடங்கு, தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாது. இதே 30 கனசதுரங்களை உள்ளடங்கு அமைப்பில் செய்திருந்தால், அதாவது பத்துத் தொகுதிகளில் தலா மூன்று வார்த்து ஆளுக்கு ஐந்து தொகுதிகள் கொடுத்திருந்தால், தொகுதி வேறுபாடு முழுவதும் ஒப்பீட்டில் நுழைந்திருக்கும். திட்டப்பிழை 1.33 ஆகியிருக்கும். அதே 1.5 வேறுபாடு அப்போது 1.1 மடங்குதான், “சோதனையாளர்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை” என்று ஆய்வேட்டில் எழுதப்பட்டிருக்கும். அதே உழைப்பு, அதே சிமெண்ட். ஒரு முடிவு உண்மையைக் காட்டுகிறது, மற்றொன்று மறைக்கிறது.

இதுவரை குறுக்கமைப்பின் வெற்றி. அதன் எல்லை இனித்தான் வருகிறது. மேற்கண்ட தரவை வழக்கமான முறையில் மென்பொருளுக்குக் கொடுத்தால், தொகுதிக்குள் உள்ள 1.5 முழுவதையும் அது மீள்திறன் என்று எடுத்துக்கொள்ளும். அதனுடன் சோதனையாளர் வேறுபாட்டையும் சேர்த்து, மொத்தச் சிதறலில் அளவீட்டின் பங்கு 68 விழுக்காடு என்று அறிவிக்கும். வாகனத் தொழில்துறையின் அளவீட்டுக் கையேடு 30 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஏற்க இயலாது என்கிறது. எனவே தீர்ப்பு: அளவீட்டு முறை தகுதியற்றது.

ஆனால் அந்த 1.5-இல் கனசதுரங்களின் உண்மை வேறுபாடு 1.3 என்றும் சோதனை முறையின் பங்கு 0.75 என்றும் வைத்துக்கொண்டால் (பரவற்படிகள்தாம் கூடும், திட்டவிலக்கங்கள் அல்ல, 1.69-உம் 0.56-உம் சேர்ந்து 2.25), அதே பங்கு 47 விழுக்காடாக இறங்குகிறது. சோதனையாளர் வேறுபாட்டைச் சரிசெய்துவிட்டால் முதல் கணிப்பில் 62, இரண்டாம் கணிப்பில் 31. அதாவது, ஒரே தரவு ‘முற்றிலும் தகுதியற்றது’ என்பதற்கும் ‘விளிம்பில் நிற்கிறது’ என்பதற்கும் ஒருசேர இடம்கொடுக்கிறது. எது உண்மை என்று அந்த 30 கனசதுரங்கள் சொல்லவே மாட்டா.

ஆகவே இத்தகைய ஆய்வில் தொகுதிக்குள் சிதறலுக்கு நேர்மையான பெயர் ‘மீள்திறனின் மேல்வரம்பு’ என்பதே. மேல்வரம்பே போதிய அளவு சிறிதாக இருந்தால் சோதனை முறை நன்று என்று துணிந்து சொல்லலாம். மேல்வரம்பு பெரிதாக இருந்தால் சோதனை முறை மோசம் என்று சொல்ல முடியாது. இன்னும் தெரியவில்லை என்றுதான் சொல்ல முடியும். இந்த ஒருபக்கத் தன்மையை நம் ஆய்வேடுகள் சொல்லாமல் விடுகின்றன.

தெரியாததைத் தெரிந்ததாக்க வழி இல்லாமல் இல்லை. முதல் வழி, அழிக்காமல் அளக்கக்கூடிய பகுதிகளைத் தனியே பிரித்தெடுப்பது. வலிமை என்பது விசையைப் பரப்பால் வகுத்த ஈவு. விசைக் காட்டியை அளவுத்திருத்தம் பெற்ற விசையுணரியால் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். முதல் வகுப்பு இயந்திரம் என்றால் காட்டும் விசையின் பிழை ஒரு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பக்க அளவுகளை உடைக்கும் முன் பலமுறை அளக்கலாம். அரை மில்லிமீட்டர் பிழை மூன்றில் ஒரு விழுக்காடு. இரண்டையும் சேர்த்தாலும் 38 மெகாபாஸ்கலில் 0.3 அளவுக்குத்தான் திட்டவிலக்கம் வரும். பரவற்படியில் பார்த்தால் 2.25-இல் 0.09. எனவே கருவியைக் குற்றம் சொல்ல இடமில்லை. எஞ்சியது கனசதுரத்தை வார்த்த விதத்திலோ அதை உடைத்த விதத்திலோ இருக்கிறது.

இரண்டாம் வழி, ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றதைக் குறைப்பது. சோதிக்கும் முறையைத் தொடாமல், வார்ப்பதை மட்டும் கடுமையாக ஒழுங்குபடுத்துவது: ஒரே ஆள், ஒரே அதிர்வு மேசை, ஒரே நேர அளவு, கலவை இயந்திரத்திலிருந்து முதலிலும் கடைசியிலும் வழியும் பகுதியைத் தவிர்த்தல், சட்டங்களின் செங்கோணத்தை முன்கூட்டியே சரிபார்த்தல். இதன்பின் தொகுதிக்குள் சிதறல் 1.5-இலிருந்து 1.1-ஆகக் குறைந்தால், பரவற்படியில் குறைந்த 1.04 வார்ப்புக்கு உரியது என்பது உறுதி. சோதனை முறை மாறவில்லை அல்லவா? மீள்திறனின் மேல்வரம்பும் 1.1-ஆக இறங்கிவிட்டது. ஆனால் இங்கே அவசரம் கூடாது. முன்னும் பின்னும் தலா 20 வரையற்ற பாகைகள் மட்டுமே இருந்தால், இரு பரவற்படிகளின் விகிதம் 1.86 என்பது ஐந்து விழுக்காட்டு எல்லையான 2.12-ஐ எட்டாது. தலா 30 இருந்தால் எல்லை 1.84, அப்போதுதான் விகிதம் அதைத் தாண்டும். சிதறலை ஒப்பிடுவதற்குச் சராசரியை ஒப்பிடுவதைவிட மிகுந்த மாதிரிகள் வேண்டும் என்பதை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

சோதனையாளர் வேறுபாடு வெளிப்பட்ட பிறகு அதன் காரணத்தைத் தேடுவதும் பகுப்பாய்வின் பகுதியே. ஐஎஸ் 516 தரநூல் நெடுங்காலமாக வகுத்துள்ள சுமையேற்ற வேகம் நிமிடத்துக்கு 14 மெகாபாஸ்கல், 150 மி.மீ. கனசதுரத்துக்கு அது நொடிக்கு 5.25 கிலோநியூட்டன். கைத்திருகால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரத்தில் ஒருவர் விரைந்து ஏற்றினால் வலிமை கூடுதலாகக் காட்டும். நீரிலிருந்து எடுத்தவுடன் ஈரமாகவே சோதிக்க வேண்டும் என்பது விதி. மேசைமேல் காத்திருந்து மேற்பரப்பு உலர்ந்த கனசதுரமும் கூடுதல் வலிமை காட்டும். அ முற்பகலிலும் ஆ பிற்பகலிலும் உடைத்தால், ஆள் வேறுபாடு என்று தோன்றுவது உலர்ந்த நேரத்தின் வேறுபாடாகவும் இருக்கலாம். கனசதுரங்களைப் பங்கிடுவதற்கு மட்டுமன்றி, உடைக்கும் வரிசைக்கும் சீட்டுக் குலுக்க வேண்டியது இதனால்தான்.

இத்தனை செய்தாலும் அகப்படாத பிழை ஒன்றுண்டு. இயந்திரத்தின் மேல்தட்டு கோள இருக்கையில் சரியாகத் திரும்பாமல் இறுகியிருந்தால், சுமை கனசதுரத்தின் ஒரு பக்கத்தில் மிகுந்து விழும். எல்லா முடிவுகளும் ஒருசேரக் குறையும். சிதறல் பெரிதாக வேண்டியதில்லை. விசைக் காட்டியும் சரியாகவே இருக்கும். அதே இயந்திரத்தில் எத்தனை கனசதுரங்களை உடைத்தாலும் இந்த ஒருபக்கச் சாய்வு தெரியாது. உடைந்த கனசதுரத்தின் வடிவம் ஓரளவு சொல்லும்: நான்கு பக்கங்களும் ஒத்த அளவில் சிதைந்து நடுவில் இரட்டைக் கூம்பு போல் எஞ்சினால் நல்லது, ஒரு பக்கம் மட்டும் பிளந்து மறுபக்கம் முழுதாக நின்றால் ஐயுற வேண்டும். உறுதியான விடைக்கு, ஒரே தொகுதியின் கனசதுரங்களை வேறோர் ஆய்வகத்துடன் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். திரிபு உருளை கொண்டு தட்டின் சீரமைவைச் சோதிக்கும் ஐரோப்பிய நடைமுறையும் இந்த ஐயத்துக்காகவே ஏற்பட்டது.

இவற்றுக்கு மறுப்பாகச் சிலர் ஐஎஸ் 456-இன் விதியைக் காட்டுவதுண்டு: மூன்று கனசதுரங்களில் எதுவும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை என்றால் முடிவு செல்லும், பிறகு தனிப் பகுப்பாய்வு எதற்கு? அந்த விதி பெரும் தவறுகளைத் தடுக்கும் வேலி. சோதனையின் தரத்துக்குச் சான்றிதழ் அன்று. 38 மெகாபாஸ்கலில் 15 விழுக்காடு 5.7. தொகுதிக்குள் திட்டவிலக்கம் 2.5 ஆக இருக்கும் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். மாறுபாட்டுக் கெழு 6.6 விழுக்காடு. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 214-ஆம் வழிகாட்டி, களச் சோதனைக்கே இதை மோசம் என்ற கடைசிப் படியில் வைக்கும். அத்தகைய ஆய்வகத்திலும் நூறு தொகுதிகளில் ஒன்றிரண்டுதான் 15 விழுக்காட்டு விதியில் சிக்கும். வேலியைத் தாண்டவில்லை என்பதால் வயல் விளைந்ததாகிவிடாது.

இனி, தொடக்கத்தில் சொன்ன பெரிய பிழை. ஆய்வேடுகளின் உயிர்நாடி பெரும்பாலும் கலவை ஒப்பீடுதான்: சிமெண்டில் இத்தனை விழுக்காட்டுக்குப் பதிலாகச் சாம்பலோ கசடோ இட்டால் வலிமை கூடுமா, குறையுமா? ஒவ்வொரு விகிதத்துக்கும் ஒரே ஒரு தொகுதி. அதில் மூன்று கனசதுரங்கள். ஒரே ஆள் உடைக்கிறார். இரண்டு கலவைகளுக்கிடையே 3.5 மெகாபாஸ்கல் வேறுபாடு வருகிறது என்போம். மூன்று கனசதுரங்களையும் மூன்று மறுசெய்கைகளாகக் கொண்டால் வேறுபாட்டின் திட்டப்பிழை 1.22, விகிதம் 2.9, ஐந்து விழுக்காட்டில் குறிப்பிடத்தக்கது என்று கட்டுரை வெளியாகும். ஆனால் மேலே கண்ட ஆய்வகத்தில், விகிதத்தை மாற்றாமல் மறுநாள் இன்னொரு தொகுதி போட்டாலே 1.9 திட்டவிலக்கத்தில் முடிவு நகர்ந்தது. அதையும் சேர்த்தால் திட்டப்பிழை 2.97, விகிதம் 1.2. கண்டுபிடிப்பு என்று எண்ணியது, மணலின் ஈரப்பதம் அன்று வேறாக இருந்ததன் விளைவாகவும் இருக்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு 1.5-ஐ அளவீடு, வார்ப்பு என்று பிரிக்க வேண்டிய தேவைகூட இல்லை. இரண்டும் சேர்ந்த இரைச்சல்தான் ஒப்பீட்டைப் பாதிக்கிறது. இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதா, வார்ப்பவருக்குப் பயிற்சி தருவதா என்று முடிவு செய்யும்போதுதான் பிரிவினை தேவைப்படுகிறது. ஆய்வாளருக்கு முதலில் வேண்டியது பல தொகுதிகள். ஒரே தொகுதியில் ஒன்பது கனசதுரங்களைவிட மூன்று தொகுதிகளில் மும்மூன்று மேல். இயலாவிட்டால் மூன்று தொகுதிகளில் ஒவ்வொன்றுகூட ஒரே தொகுதியின் மூன்றைவிட மேல்.

செலவும் காலமும் மிகும் என்பது உண்மையான தடை. ஆயினும் எல்லா விகிதங்களுக்கும் இதைச் செய்ய வேண்டுவதில்லை. கட்டுப்பாட்டுக் கலவை ஒன்றை மட்டும் ஐந்து வெவ்வேறு நாள்களில் ஆறாறு கனசதுரங்களாக வார்த்து, இரண்டு பேர் பங்கிட்டு உடைத்தால், ஆய்வகத்தின் தொகுதிச் சிதறல், தொகுதிக்குள் சிதறல், ஆள் வேறுபாடு ஆகிய மூன்றும் ஓரளவு தெரிந்துவிடும். துறைக்கு ஒருமுறை செய்தால் அவ்வாண்டின் மாணவர்கள் அனைவரும் பயன்படுத்தலாம்.

ஆய்வேட்டில் எழுத வேண்டியதும் மிகுதியன்று. எத்தனை தொகுதிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை கனசதுரங்கள், யார் எந்த வரிசையில் உடைத்தார் என்பது ஒன்று. தொகுதிக்குள் சிதறல் மீள்திறனன்று, அதன் மேல்வரம்பு. ஒரு தொகுதியின் கனசதுரங்கள் ஒரே தன்மையன என்ற எடுகோள் எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பது இரண்டு. கலவைகளை ஒப்பிட்டபோது தொகுதிச் சிதறல் கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்பது மூன்று. இந்த மூன்று வாக்கியங்களையும் நெறியாளர்கள் கேட்கத் தொடங்கினால், தேர்வாளர்கள் தேடத் தொடங்கினால், அட்டவணையில் ‘மீள்திறன்’ என்ற சொல் இருக்கும் இடங்கள் குறையும். அது எஞ்சும் இடங்களில் பொருளோடு நிற்கும்.